வேலூர் வெயிலில் வைட்டமின் டி குறையுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழு ஆகிவிடும். ஒரு வருடமாக இடுப்பிலும் காலிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 8, கால்சியம் 8.7, பாஸ்பரஸ் 2.3, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 262 என்று வந்தது. வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் மாத்திரையும், தினமும் போட கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று வாரம் ஆகிறது, வலி குறையவில்லை. என் மாமியார், "வேலூர் வெயிலில் இருந்துகொண்டு வெயில் சத்து குறைவாம், எல்லாம் காசு பிடுங்குகிற வேலை" என்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரை மணி வெயிலில் மாடியில் நிற்கிறேன். தினமும் கேழ்வரகு கூழ் குடிக்கிறேன். கால்சியம் நார்மல்தானே? மாத்திரை இல்லாமல் வெயிலையும் சாப்பாட்டையும் வைத்தே சரிசெய்ய முடியாதா? இல்லை, வாரம் இரண்டு போட்டால் சீக்கிரம் குணமாகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குக்கூட 'ஃபுல் பாடி செக்கப்' என்ற பெயரில் வைட்டமின் டி பார்த்து, 24 இருக்கிறது, 27 இருக்கிறது என்று பயமுறுத்தி மாத்திரை கொடுப்பது நடக்கிறது. ஆரோக்கியமாக இருக்கிற எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை என்றுதான் 2024-இல் வந்த அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. முன்பு 30-க்குக் கீழே இருந்தாலே போதாது என்று சொன்ன அதே சங்கம், அந்த எல்லைக்கோட்டை இப்போது கைவிட்டுவிட்டது.

ஆனால் உங்கள் எண் 24 அல்ல, 8. இருபதுக்குக் கீழே குறைபாடு, பன்னிரண்டுக்குக் கீழே கடுமையான குறைபாடு. அதோடு வலி இருக்கிறது, எழ முடியாமை இருக்கிறது, கூடவே வந்த மற்ற மூன்று எண்களும் அதே கதையைத்தான் சொல்கின்றன. உங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார்.

ஊரில் வெயில் இருப்பது வேறு, அது தோலில் படுவது வேறு. உங்கள் மாமியார் வயதில் உள்ள நம் பக்கத்துப் பெண்கள் பலர் உச்சிவேளையில் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கியவர்கள், களை எடுத்தவர்கள். நீங்களோ வெயில் ஏறுவதற்கு முன்பே பஸ்ஸில் ஏறி, டியூப் லைட் வெளிச்சத்தில் தைத்துவிட்டு, இருட்டில் இறங்குகிறீர்கள். ஒரே ஊர், ஒரே குடும்பம் என்றாலும் உங்கள் இருவர் தோலும் பார்த்த சூரியன் ஒன்றல்ல.

'கால்சியம் நார்மல்' என்பதை எப்படிப் படிக்க வேண்டும்

நாம் சாப்பிடுகிற கால்சியத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்கு எடுத்துக்கொடுப்பதுதான் வைட்டமின் டியின் முதல் வேலை. அது போதுமான அளவு இருந்தால் உணவிலுள்ள கால்சியத்தில் 30 முதல் 40 சதவீதம் உள்ளே போகும். இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான், மீதி மலத்தோடு வெளியேறிவிடும். அதாவது நீங்கள் குடிக்கிற கூழில் கால்சியம் இருக்கிறது, அதை உள்ளே வாங்கத்தான் ஆளில்லை.

ஆனால் ரத்தத்தில் கால்சியம் குறைய உடம்பு விடாது. குறைந்தால் கை கால் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விடுகின்றன. வீட்டுச் செலவு வெளியே தெரியாமல் நடக்க வேண்டும் என்று நகையை ஒவ்வொன்றாக அடகு வைப்பது மாதிரி. அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஊருக்கு எதுவும் தெரியாது. பீரோவைத் திறந்தால்தான் தெரியும். உங்கள் 8.7 என்பது அடுப்பு எரிவதைக் காட்டுகிறது. நார்மல் எல்லை 8.5-இல் தொடங்குகிறது, நீங்கள் அதன் விளிம்பில் நிற்கிறீர்கள்.

பீரோவைக் காட்டுவது மற்ற இரண்டு எண்கள். அந்தப் பாராதைராய்டு ஹார்மோன் கால்சியத்தைக் காப்பாற்றும்போது பாஸ்பரஸைச் சிறுநீரில் வெளியே தள்ளிவிடும். உங்கள் பாஸ்பரஸ் 2.3, இருக்க வேண்டியது 2.5-க்கு மேல். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்பது எலும்பைக் கட்டும் செல்கள் மும்முரமாக வேலை செய்யும்போது ரத்தத்தில் கூடுகிற ஒரு நொதி. பெரியவர்களுக்குச் சுமார் 130 வரை இருக்கலாம், உங்களுக்கு அதில் இரண்டு மடங்கு. செல்கள் புது எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன, ஆனால் அதில் ஏற்றுவதற்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் போதவில்லை. அப்படிக் கெட்டிப்படாமல் நிற்கிற எலும்பைத்தான் ஆஸ்டியோமலேசியா என்கிறோம். குழந்தைகளுக்கு வந்தால் ரிக்கெட்ஸ், கால் வளையும். பெரியவர்களுக்குக் கால் வளைவதில்லை, வலிக்கும்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே தட்டுப்படுகிற கணைக்கால் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சதையில் அல்ல, எலும்பின் மேல். சாதாரணமாக அழுத்துவதற்கே சுருக்கென்று வலித்தால் அது மூட்டு வலியோ வாத வலியோ அல்ல, எலும்பே நோகிறது என்று பொருள். தசைகளுக்கும் வைட்டமின் டி தேவை. குறைந்தால் இடுப்பையும் தொடையையும் சுற்றியுள்ள பெரிய தசைகள்தான் முதலில் தளரும். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை வைத்து உடம்பை ஏற்றுவதும், பஸ் படியில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுவதும் அதனால்தான். இப்படி வருகிற பலரை வாத வலி, டிஸ்க் வலி என்று சொல்லி வருடக்கணக்கில் வலி மாத்திரையிலேயே ஓட்டியிருப்பார்கள்.

ஆறரை மணி வெயில்

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அதிகாலை இளவெயில்தான் நல்லது என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள், என் அம்மாவும் சொல்வார். மனதுக்கும் தூக்கத்துக்கும் நல்லது, அதில் சந்தேகமில்லை. வைட்டமின் டிக்கு மட்டும் அது உதவாது.

நம் தோலில் கொலஸ்ட்ராலுக்கு உறவான ஒரு பொருள் இருக்கிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர் பட்டால்தான் அது வைட்டமின் டியாக மாறத் தொடங்கும். பிறகு கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடந்து, அதன் பின்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு வரும். உங்கள் ரிப்போர்ட்டில் அளந்தது கல்லீரலிலிருந்து வருகிற, ரத்தத்தில் இரண்டு மூன்று வாரம் தங்குகிற வடிவம்.

சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தைச் சாய்வாக, நீண்ட தூரம் கடந்து வருகிறது. வருகிற வழியிலேயே இந்த பி கதிர் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும். நம்மிடம் வந்து சேர்வது வெளிச்சமும் கதகதப்பும் மட்டும். நமக்குப் பக்கத்துத் திருப்பதியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தோலிலுள்ள அந்தப் பொருளைக் குப்பிகளில் நிரப்பி, காலை 8 முதல் மாலை 4 வரை வெயிலில் வைத்து, எந்த மணிக்கு எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். 11 மணி முதல் 2 மணி வரைதான் நன்றாக மாறியது. 2013-இல் வெளிவந்த ஆய்வு அது. திருப்பதிக்கு அடிக்கிற சூரியன்தான் நமக்கும்.

கடிகாரம் இல்லாமலும் பார்க்கலாம். நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் பி கதிர் தரையை எட்டுகிறது என்று அர்த்தம். நீளமாக இருந்தால் நின்று பயனில்லை. வேலூரில் சித்திரையில் ஒன்பது மணிக்கு மேலேயே நிழல் குட்டையாகிவிடும். ஏப்ரல் கடைசியில் உச்சிவேளையில் நிழல் காலடிக்குள் போய்விடுகிற நாள்கூட உண்டு. மார்கழியில் பத்தரை ஆக வேண்டும், மதியம் இரண்டு மணிக்கெல்லாம் மறுபடி நீண்டுவிடும்.

கண்ணாடி வழியாக இந்தக் கதிர் வராது. பஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு முகத்தில் சுளீரென்று வெயில் அடித்தாலும் அது கணக்கில் சேராது. நம் கறுப்புத் தோலும் ஒரு குடைதான். தோலிலுள்ள நிறமி பி கதிரின் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு எழுதிய புத்தகத்தில் பத்து நிமிடம் என்று இருந்தால் நமக்கு அதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேண்டும்.

உங்களால் முடிகிற கணக்கைப் பார்ப்போம். கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை பெரும்பாலும் பன்னிரண்டரை வாக்கில் இருக்கும். சாப்பிட்டு முடித்து, கேன்டீனுக்கு வெளியே முழங்கைக்கு மேல் சட்டையை ஏற்றிவிட்டு, செருப்பைக் கழற்றி, புடவையையோ சுடிதாரையோ கெண்டைக்கால் வரை ஒதுக்கி, பதினைந்து இருபது நிமிடம் உட்காருங்கள். தலையையும் முகத்தையும் துப்பட்டாவால் மூடிக்கொள்ளலாம், கறுத்துப்போகும் என்ற கவலை வேண்டாம். கையும் காலும் போதும். வாரத்தில் நான்கு நாள் கிடைத்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிற்பதை ஆறரையிலிருந்து பதினொன்றுக்கு மாற்றுங்கள், அரைமணி நேரம். அக்கினி நட்சத்திர நாட்களில் மட்டும் இதை விட்டுக்கொடுங்கள். ஒன்பதரை, பத்து மணிக்கே நிழல் குட்டையாக இருக்கும் மாதம் அது, அப்போதே பத்துப் பதினைந்து நிமிடம் போதும். தோல் எரிந்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் நின்றாலும் வெயிலால் வைட்டமின் டி அளவு மீறாது. தேவைக்கு மேல் உருவாவதை அதே வெயில் தோலிலேயே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. மாத்திரைக்கு அந்தத் தடுப்பு கிடையாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூழும் பாலும் மத்தியும்

கேழ்வரகை விடாதீர்கள். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசி பக்கத்தில் நிற்க முடியாது. அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் மாவைக் கரைத்து இரவு புளிக்கவைத்துக் காய்ச்சுகிற நம் கூழில் அது குறைந்துவிடுகிறது. களியைவிடக் கூழ் இந்த வகையில் ஒரு படி மேல். ஆனால் கேழ்வரகில் வைட்டமின் டி என்பது சுத்தமாக இல்லை. கீரையிலும் பருப்பிலும் பழத்திலும் இல்லை.

இருக்கிற இடங்கள் கொஞ்சம்தான். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். நூறு கிராம் மத்தி மீனில் சுமார் 200. சாதாரணப் பாலில் மிகக் குறைவு. பாக்கெட்டில் நீல நிறத்தில் பிளஸ் எஃப் என்ற செறிவூட்டிய முத்திரை இருந்தால் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் சேர்த்திருப்பார்கள். அதே முத்திரை உள்ள சமையல் எண்ணெயிலும் உண்டு.

இப்போது ஒரு நாளைக்குக் கூட்டுவோம். தினமும் ஒரு முட்டை, 40. காபி, டீ, மோர் எல்லாம் சேர்த்து 200 மில்லி செறிவூட்டிய பால், 50. வாரம் இரண்டு நாள் நூறு நூறு கிராம் மத்தி, நாளுக்குப் பிரித்தால் 57. ஒரு மேசைக்கரண்டி செறிவூட்டிய எண்ணெய், சுமார் 70. எல்லாம் கூட்டினால் சுமார் 220 யூனிட்தான். ஐசிஎம்ஆர் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன தினத் தேவை 600. இவ்வளவு கவனமாகச் சாப்பிட்டும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சாப்பாட்டை மட்டும் நம்பி 8-லிருந்து மேலே வர முடியாது. இனி கீழே போகாமல் பிடித்து வைக்க வெயிலோடு சேர்ந்து அது உதவும்.

வாரம் இரண்டு வேண்டாம்

உங்களுக்கு எழுதியது எட்டு மாத்திரை, மொத்தம் 4,80,000 யூனிட். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் நாளுக்குப் பிரித்தால் எட்டாயிரத்து சொச்சம்தான். காலியான கிடங்கை நிரப்ப இது பாதுகாப்பான அளவு. மூன்று வாரத்தில் வலி போகவில்லை என்பது மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. தசைப் பலம்தான் முதலில் திரும்பும். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் பஸ் படி கொஞ்சம் தாழ்ந்துவிட்ட மாதிரி இருக்கும். எலும்பு வலி போக இரண்டு மூன்று மாதம், எலும்பு முழுதாகக் கெட்டிப்பட அதற்கும் மேல். இடையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் பார்த்தால் முன்பைவிடக் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. எலும்பு ஆறும்போது அப்படி ஏறித்தான் இறங்கும், பயப்படாதீர்கள்.

இரட்டிப்பாகப் போடுவதால் எலும்பு இரட்டிப்பு வேகத்தில் ஆறாது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். நாலு நாளாக வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம். வீட்டில் பக்கவாதமோ என்று பயந்துபோயிருந்தார்கள். கால்சியம் 14 இருந்தது, சிறுநீரகமும் பாதித்திருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு அவர் மகன் பையிலிருந்து அட்டை அட்டையாக எடுத்து வைத்தார். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு இரண்டு மாதம் போட்டிருக்கிறார். அறுபது மாத்திரை, 36 லட்சம் யூனிட். வைட்டமின் டி கொழுப்பில் தங்குகிற சத்து. அதனால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தது, ட்ரிப் ஏற்றிக் கால்சியத்தை இறக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உங்கள் லைனில் யாராவது 'ஒரே ஊசி, ஆறு லட்சம் யூனிட், வேலை முடிந்தது' என்று சொன்னால் அதையும் கேட்காதீர்கள். மாத்திரை என்றால் தொந்தரவு தெரிந்ததும் நிறுத்தலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். எண்ணெய், முட்டை, மீன் என்று ஏதாவது கொழுப்புள்ள பெரிய சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாக உள்ளே போகும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தோதாக இருக்கும். கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டாம். கிடங்கின் கதவை இப்போதுதான் திறந்துவிட்டிருக்கிறோம், உள்ளே ஏற்றச் சரக்கு வேண்டும். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரையும் போடுகிறீர்கள் என்றால் கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், ஒன்று மற்றொன்றைத் தடுக்கும்.

எட்டு முடிந்ததும் அதோடு விட்டுவிடுவதுதான் பலர் செய்கிற தவறு. உங்கள் வேலை நேரம் மாறப்போவதில்லை, ஆறு மாதத்தில் பழையபடி இறங்கிவிடும். பெரும்பாலும் அதன் பிறகு மாதம் ஒரு மாத்திரை என்று தொடரச் சொல்வார்கள், அது நாளுக்கு 2,000 யூனிட் கணக்கு. தொடங்கி மூன்று மாதம் ஆன பின் வைட்டமின் டி, கால்சியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ் மூன்றையும் ஒருமுறை பாருங்கள். அதற்கு முன் மாதா மாதம் பார்ப்பது வீண் செலவு.

சில விஷயங்களை மட்டும் உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கல் வந்ததுண்டா, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அடிக்கடி பேதியாகிறதா, காசநோய்க்குச் சிகிச்சை எடுத்ததுண்டா. இதில் எது இருந்தாலும் மருந்தின் அளவோ, குறைபாட்டின் காரணமோ மாறும். தொடை இடுக்கில் ஒரே பக்கம் வலித்து, அந்தக் காலை ஊன்றினால் கூடுகிறது என்றால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மென்மையான எலும்பில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் விழுவதுண்டு. அப்படி இருந்தால் கம்பெனிக்கு லீவு போட்டுத்தான் ஆக வேண்டும்.

நான்காவது மாத்திரையை வருகிற ஞாயிறு மதியம், மீன் குழம்புச் சோற்றோடு போடுங்கள். சமையல்கட்டுத் தினசரி காலண்டரில் மீதி நான்கு ஞாயிறுகளையும் இப்போதே வட்டமிட்டு வையுங்கள், போட்டதும் அடித்துவிடுங்கள். மாமியாருக்கும் அந்த வட்டங்களைக் காட்டிவிடுங்கள், தவறிப்போனால் அவரே ஞாபகப்படுத்துவார்.